'அதனால்' கோக்கிறதா, 'ஆனால்' கோக்கிறதா? ஒப்பீட்டுக் கட்டுரையை அடுக்கும் இரண்டு வழிகள்

சைதாப்பேட்டையில் என்னிடம் டியூஷனுக்கு வரும் பெண் ஒருத்தி, கல்லூரியில் முதலாண்டு, ஒரு கட்டுரையைக் கொண்டுவந்து நீட்டினாள். சென்னையின் 2015 வெள்ளத்தையும் 2023 வெள்ளத்தையும் ஒப்பிட வேண்டும். நான்கு பக்கம் எழுதியிருந்தாள். தகவலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் படித்து முடித்தபோது இரண்டு வெள்ளமும் கலந்து ஒரே வெள்ளமாகத்தான் என் மனதில் நின்றது. அவளுக்கும் அது தெரிந்தேயிருந்தது. "எல்லாம் இருக்கு மிஸ், ஆனா ஏதோ ஒட்டல" என்றாள்.

ஒட்டாததற்குக் காரணம் மொழி இல்லை, அடுக்கிய விதம். ஒப்பீட்டுக் கட்டுரையை அடுக்க இரண்டு வழிகள் உண்டு. முதல் பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு அடுத்ததற்கு வருவது ஒன்று. இதைக் கல்லூரியில் பிளாக் என்பார்கள். நான் தொகுதி முறை என்று சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டு பொருளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விலை என்றால் இரண்டின் விலை, தூரம் என்றால் இரண்டின் தூரம் என்று ஒவ்வோர் அம்சமாகப் பேசிக்கொண்டு போவது இன்னொன்று. பாயிண்ட் பை பாயிண்ட். நமக்கு வசதியாக அம்சவாரி என்று வைத்துக்கொள்வோம்.

எதை எப்போது எடுப்பது? பொதுவாகக் கிடைக்கும் பதில், கட்டுரை சின்னது என்றால் தொகுதி, பெரியது என்றால் அம்சவாரி. இதில் பாதி உண்மை இருக்கிறது. தொகுதி முறையில் முதல் பாதியில் படித்ததை வாசகர் இரண்டாம் பாதி வரை தலையில் சுமந்துகொண்டு வர வேண்டும். பக்கம் கூடக் கூடச் சுமை கூடும். என் மாணவிக்கோ வகுப்பில் வேறு மாதிரி சொல்லியிருக்கிறார்கள்: அம்சவாரிதான் முதிர்ச்சியான முறை, தொகுதி பள்ளிப் பிள்ளைகளுக்கு. அதைக் கேட்டுத்தான் வெள்ளக் கட்டுரையை அவள் ஐந்து அம்சமாக வெட்டியிருந்தாள். மழையின் அளவு, ஏரியும் ஆறும், பாதித்த பகுதிகள், நீர் வடிந்த விதம், போக்குவரத்து. கட்டுரையின் நீளத்தையும் எழுதுகிறவரின் வயதையும் விட, கையில் இருக்கும் சரக்கு எப்படிப்பட்டது என்பதுதான் இதைத் தீர்மானிக்க வேண்டும் என்பது என் கட்சி.

அவள் எழுதிய மூன்றாவது பத்தி இது:

"2015ஆம் ஆண்டில் ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் போன்ற பகுதிகள் பாதிக்கப்பட்டன. 2023ஆம் ஆண்டில் வேளச்சேரி, பள்ளிக்கரணை போன்ற பகுதிகள் பாதிக்கப்பட்டன. 2015இல் பாதிப்புக்குச் செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டதும் காரணமாகும். 2023இல் புயல் காரணமாகும்."

ஒவ்வொரு வாக்கியமும் சரிதான். ஆனால் இந்தப் பெயர்கள் ஏன் இந்தப் பட்டியலில் இருக்கின்றன என்று பத்தி சொல்லவில்லை. முதல் பட்டியலில் இருப்பவை அடையாற்றின் கரையோரம். இரண்டாவதில் இருப்பவை சதுப்பு நிலத்தையும் அதை ஒட்டிய தாழ்வையும் சேர்ந்தவை. இரண்டு வெள்ளத்துக்கும் உள்ள வித்தியாசமே அதுதான். அது இரண்டாம் பத்திக்கும் மூன்றாம் பத்திக்கும் நடுவில் கிடந்த இடைவெளியில் விழுந்துவிட்டது.

இன்னொன்றும் கவனித்தேன். செம்பரம்பாக்கம் என்ற பெயர் ஐந்து பத்திகளில் நான்கில் வருகிறது, நான்கிலும் காரணமாக. ஒரே காரணத்தைப் பத்திக்குப் பத்தி திரும்பச் சொல்ல வேண்டியிருந்தால், தொடர்ச்சியாக இருந்த ஒன்றைத் துண்டு போட்டுவிட்டோம் என்று அர்த்தம். அம்சவாரி தப்பான இடத்தில் வந்து உட்கார்ந்திருப்பதை இதைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

சரி, தாளை எடுத்து ஒரு கட்டம் போடச் சொன்னேன். இடப்பக்கம் அவளுடைய ஐந்து அம்சங்கள், மேலே 2015, 2023 என்று இரண்டு தலைப்பு. நிரப்பியதும் ஒரு கட்டத்திலிருந்து கீழே உள்ள கட்டத்துக்குப் போகும்போது நடுவில் 'அதனால்' போட்டுப் படிக்கச் சொன்னேன்.

2015 தலைப்பின் கீழ் இப்படி வந்தது. நவம்பர் முழுக்கப் பெய்த மழையில் ஏரிகள் நிரம்பிக்கிடந்தன. டிசம்பர் 1ஆம் தேதி மறுபடி கொட்டியது; தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். ஏரிகளில் இடமில்லை, அதனால் செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை திறந்தார்கள். வழியில் இருந்த மற்ற ஏரிகளின் உபரிநீரும் சேர்ந்துகொண்டது, அதனால் அடையாறு கரை தாண்டியது. அதனால் ஜாபர்கான்பேட்டையிலும் எங்கள் சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் ஆறு வீட்டுக்குள் வந்தது. விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேல்தான் போகிறது, அதனால் விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக்கிடந்தது. ஐந்து கட்டமும் ஒரே மூச்சில் கோத்துக்கொண்டன.

2023ம் அப்படியே கோத்தது, ஆனால் வேறு நூலில். மிக்ஜாம் புயல் டிசம்பர் 3, 4 தேதிகளில் சென்னைக்கு அருகே கடலில் மிக மெதுவாக நகர்ந்தது. 5ஆம் தேதிதான் ஆந்திராவில் பாபட்லா பக்கம் கரை கடந்தது. அதனால் மழை மேற்கே ஏரிகளில் விழுந்து ஆற்று வழியாக வராமல், நகரத்தின் தலையிலேயே விடாமல் விழுந்தது. கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது, அதனால் முகத்துவாரங்களில் நீரைக் கடல் வாங்கவில்லை. அதனால் வேளச்சேரி, பள்ளிக்கரணை போன்ற தாழ்ந்த இடங்களில் தண்ணீர் நின்றது, மழை விட்ட பிறகும் போகாமல் நின்றது. 4ஆம் தேதி மூடிய விமான நிலையமோ மறுநாள் காலையே திறந்துவிட்டது.

கடைசி வரிசையைப் பாருங்கள். அம்சவாரியில் எழுதியபோது அவள் போட்டிருந்தது "இரண்டு ஆண்டுகளிலும் விமான நிலையம் மூடப்பட்டது" என்பது. ஒற்றுமை மாதிரித் தோன்றுகிறது. தொடராக வைத்துப் படித்தால் அது வேற்றுமை. முதல் தடவை உள்ளே வந்தது ஆறு, இரண்டாம் தடவை மழை. வரிசையாக வெட்டியதால் பொய்யான ஒற்றுமை ஒன்று முளைத்திருக்கிறது. இப்படி முளைத்ததைத் தகவல் சரிபார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் தகவல் தப்பில்லை.

ஆக, கட்டத்தை மேலிருந்து கீழே படிக்கும்போது 'அதனால்' தானாக வந்து உட்கார்ந்தால் அது தொகுதி முறைக்கான சரக்கு. வரலாற்று நிகழ்ச்சி, நோய் பரவியது, ஒரு கடை மூடியது, ஒரு மனிதரின் வாழ்க்கை, எதுவாக இருந்தாலும் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் விஷயத்தைக் குறுக்கே வெட்டக் கூடாது.

வெட்டாமல் இருந்தால் மட்டும் போதாது. தொகுதி முறையில் விழும் பெரிய பள்ளம், இரண்டு தனிக்கட்டுரைகளை எழுதி நடுவில் "இனி" என்று ஒரு பாலம் போடுவது. அவளுடைய அடுத்த வரைவு அப்படித்தான் வந்தது. 2015 ஒன்றரைப் பக்கம், நன்றாக இருந்தது. "இனி 2023ஆம் ஆண்டு வெள்ளத்தைக் காண்போம்." அப்புறம் இன்னொரு ஒன்றரைப் பக்கம், அதுவும் நன்றாக இருந்தது. ஒப்பீடு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. கடைசிப் பத்தியில் நான்கு வரி.

இதற்கு நான் செய்வது ஒரு சின்ன வேலை. முதல் பாதியைக் கையால் மூடிவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் படிக்கச் சொல்வேன். எந்தக் குறையும் தெரியாமல் முழுசாகப் புரிந்தால் ஒப்பீடு நடக்கவே இல்லை. இரண்டாம் பாதி முதல் பாதியைத் தேட வேண்டும், அது இல்லாமல் நொண்ட வேண்டும். அவள் மூடிப் படித்தாள், ஒரு இடத்திலும் நொண்டவில்லை. அவளே சிரித்துவிட்டாள்.

திருத்தம் பெரிதாக ஒன்றும் தேவைப்படவில்லை. 2023 பகுதியின் முதல் வரி "மிக்ஜாம் புயல் வங்கக்கடலில் உருவானது" என்று இருந்தது. அதை "எட்டு வருடம் கழித்துச் சென்னை மறுபடி மூழ்கியபோது எல்லோரும் முதலில் கேட்டது செம்பரம்பாக்கம் நிலவரத்தைத்தான், ஆனால் இம்முறை ஆபத்து ஏரியிலிருந்து வரவில்லை" என்று மாற்றினாள். பகுதிகளைச் சொல்லும் இடத்தில் "2015இல் ஆறு எங்கே போனதோ அங்கே வெள்ளம் போனது, இப்போது ஆறு வருவதற்கு முன்பே தெரு நிரம்பியிருந்தது" என்று ஒரு வரி. இப்படி நான்கைந்து இடத்தில் திரும்பிப் பார்க்க வைத்தாள். பத்திகளின் வரிசை அப்படியே இருந்தது, புதுத் தகவலும் சேர்க்கவில்லை.

எதை முதலில் வைப்பது என்றும் கேட்டாள். முதலில் வைப்பது அளவுகோல், இரண்டாவதாக வைப்பது அளக்கப்படும் பொருள். 2015ஐச் சென்னையில் எல்லோருக்கும் தெரியும், அதை வைத்து 2023ஐ அளப்பது சுலபம். தேதி முந்தியது என்பதற்காக அதை முன்னால் வைக்கவில்லை. 2023க்குப் பிறகு இந்த ஊருக்குக் குடிவந்தவர்களுக்கு எழுதினால் நான் வேறு மாதிரி யோசித்திருப்பேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் நானும் தொகுதிக் கட்சியில் சேர்ந்திருப்பேன். இரண்டு வாரம் கழித்து இன்னொரு கட்டுரையோடு வந்தாள். உட்கார்ந்து படிக்கக் கன்னிமாரா நூலகத்துக்குப் போகலாமா, அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போகலாமா என்று கல்லூரி இதழுக்கு எழுதச் சொன்னார்களாம். போன தடவை கற்றதை வைத்து இதையும் தொகுதியாகவே எழுதிவிட்டாள். முதலில் கன்னிமாரா: 1896இல் திறந்தது, எழும்பூரில் அருங்காட்சியக வளாகத்துக்குள் இருக்கிறது, 1954 சட்டப்படி நாட்டில் வெளியாகும் நூல்களின் பிரதி வந்து சேரும் நான்கு நூலகங்களில் ஒன்று. பிறகு அண்ணா: 2010இல் திறந்தது, கோட்டூர்புரத்தில் பல மாடிக் கட்டடம், குழந்தைகளுக்குத் தனிப் பகுதி, சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனி இடம். அடுத்தடுத்து வைத்த இரண்டு அறிமுகத் துண்டுப்பிரசுரம். படிக்கிற மாணவர் கடைசியில் கேட்பார், "சரி, நான் எங்கே போகட்டும்?"

மறுபடி கட்டம் போட்டோம். மேலிருந்து கீழே 'அதனால்' போட்டுப் பார்த்தாள். "1896இல் திறந்தது, அதனால் எழும்பூரில் இருக்கிறது." வரவில்லை. "கோட்டூர்புரத்தில் இருக்கிறது, அதனால் சொந்தப் புத்தகம் கொண்டுபோகலாம்." சுத்தமாக வரவில்லை. வரிசைகளை மேலும் கீழும் மாற்றிப் போட்டாலும் ஒன்றும் கெடவில்லை. ஆனால் குறுக்கே 'ஆனால்' போட்டால் சிலது நன்றாக நின்றது. "பழைய நூல், பழைய இதழ் தேடுகிறவருக்குக் கன்னிமாரா, ஆனால் தன் புத்தகத்தையே எடுத்துப்போய்ப் பரீட்சைக்குப் படிக்கிறவருக்கு அண்ணா." இதுதான் அம்சவாரிக்கான சரக்கு: அம்சங்கள் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியாக நிற்கின்றன, வாசகர் எதையோ ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. தேர்ந்தெடுக்கிறவர் எல்லா அம்சத்தையும் சமமாகப் பார்ப்பதில்லை. தனக்கு வேண்டிய இரண்டைத்தான் பார்ப்பார். தொகுதியாக எழுதினால் அந்த இரண்டையும் அவர் இரண்டு இடத்தில் தேடிப் பொறுக்க வேண்டும்.

குறுக்கே 'ஆனால்' வராத வரிசைகளை அடித்துவிடலாம். "இரண்டிலும் செய்தித்தாள் படிக்கலாம்" என்று ஒரு வரிசை வைத்திருந்தாள். உண்மைதான், ஆனால் யாருடைய முடிவையும் அது மாற்றாது. திறந்த ஆண்டும் அப்படித்தான். இடம் தேடுகிறவருக்கு 1896ஆ 2010ஆ என்பது வேடிக்கைச் செய்தி. ஏழு வரிசை மூன்றாகக் குறைந்தது: எதற்காகப் போகிறோம், எப்படிப் போவது, கூடச் சின்னப் பிள்ளை வருகிறதா.

அம்சவாரிக்கும் ஒரு நோய் உண்டு, அதை நான் டேபிள் டென்னிஸ் என்பேன். கன்னிமாராவில் இப்படி, அண்ணாவில் அப்படி, கன்னிமாராவில் இது, அண்ணாவில் அது என்று வாக்கியத்துக்கு வாக்கியம் பந்து போய்வரும். வாசகருக்குக் கழுத்து வலிக்கும். 'அதேசமயம்', 'மறுபுறம்' இரண்டும் பக்கத்துக்கு ஆறு தடவை வந்தால் நோய் வந்துவிட்டது. மருந்து, பத்தியின் முதல் வரியிலேயே அந்த அம்சத்தில் யாருக்கு எது என்று சொல்லிவிடுவது. அப்புறம் ஒரு நூலகத்துக்கு இரண்டு மூன்று வாக்கியம் தொடர்ந்து கொடுத்துவிட்டு மற்றதற்குப் போகலாம். போக்குவரத்துப் பத்தியை இப்படி மாற்றினாள்:

"நீங்கள் தாம்பரம் லைனில் இருக்கிறீர்கள் என்றால் கன்னிமாரா சுலபம். எலக்ட்ரிக் டிரெயின் எழும்பூரில் இறக்கிவிடும், அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். வேளச்சேரி, மயிலாப்பூர் பக்கம் இருப்பவர்களுக்கு அந்தப் பயணம் சுற்று. பறக்கும் ரயிலில் கோட்டூர்புரம் நிலையம் அவர்களுக்குக் கைக்கெட்டும் தூரம், அங்கிருந்து அண்ணா நூலகம் பக்கம்."

பந்து ஒரே ஒரு தடவைதான் வலையைத் தாண்டுகிறது.

பரீட்சை அறைக்கு மட்டும் தனியாக ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே சரக்கோடு கடிகாரமும் சேர்ந்துகொள்கிறது. தொகுதியாக எழுதுகிறவர்கள் முதல் பொருளில் மயங்கி முக்கால்வாசி நேரத்தைச் செலவு பண்ணிவிடுவார்கள். இரண்டாவது பொருளுக்கு ஐந்து வரி. விடைத்தாளில் அது சாய்ந்த கட்டடம் மாதிரித் தெரியும். அம்சவாரியில் மூன்றாவது அம்சத்தோடு மணி அடித்தாலும் அதுவரை எழுதியது முழு ஒப்பீடு. அதனால் நேரம் இழுத்துப்பிடிக்கும் இடத்தில், சரக்கு கொஞ்சம் முரண்டு பிடித்தாலும் அம்சவாரியைத்தான் எடுக்கச் சொல்கிறேன். ஒப்பிட மூன்று நான்கு பொருள்கள் இருந்தாலும் அப்படியே. மூன்று தொகுதியை யாராலும் சுமக்க முடியாது.

போன வாரம் வந்தது மூன்றாவது கட்டுரை: எலக்ட்ரிக் டிரெயினும் மெட்ரோவும். இப்போது கட்டம் போட நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேலிருந்து கீழே படித்தாள். "மெட்ரோ 2015இல்தான் ஓட ஆரம்பித்தது, ஊர் அதற்குள் நிரம்பிவிட்டது, அதனால் அண்ணா சாலைக்குக் கீழே சுரங்கம் தோண்ட வேண்டியிருந்தது, அதனால் செலவு கூடியது." கோத்துக்கொண்டே வந்தது. எலக்ட்ரிக் டிரெயினுக்கும் வந்தது: பீச்சிலிருந்து தாம்பரம் வரை 1931இலேயே மின்சாரத்தில் ஓட ஆரம்பித்துவிட்டது, அதனால் லைனை ஒட்டியே புறநகர்கள் வளர்ந்தன. ஆனால் குளிர்சாதனம், நெரிசல், நிலையத்துக்குள் நடக்க வேண்டிய தூரம் என்று கீழே வந்தபோது நூல் அறுந்தது. அங்கிருந்து குறுக்கே 'ஆனால்' மட்டும்தான் நின்றது.

"இப்ப என்ன பண்றது மிஸ்? பாதி இப்படி வருது, பாதி அப்படி வருது."

"எந்த இடத்துல அறுந்துது?"

பென்சிலால் ஒரு கோடு போட்டாள். கோட்டுக்கு மேலே உள்ளது இரண்டு சின்னத் தொகுதி, கீழே உள்ளது மூன்று அம்சம். ஒரே ஒரு வரிசைதான் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது, கட்டணம். எலக்ட்ரிக் டிரெயினில் குறைந்தபட்சம் 5 ரூபாய், மெட்ரோவில் 10. செலவோடு சேர்த்தால் அது மேலே போகும், பயணியின் பையோடு சேர்த்தால் கீழே வரும். யாருக்காக எழுதுகிறாய் என்று கேட்டேன். தினம் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளுக்கு என்றாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கட்டணத்தைக் கோட்டுக்குக் கீழே இழுத்து, மூன்று அம்சத்துக்கும் முன்னால் முதலாவதாக எழுதினாள்.